கைக்கு வந்து சேரும்வரை

பொட்டலங்களைப் பின்தொடரும் இணையப் பக்கங்களுக்கென்று தனி மொழி ஒன்று இருக்கிறது. அதில் மனிதர்கள் யாரும் எதையும் செய்வதில்லை. பொட்டலம் ‘பெறப்படுகிறது’, ‘வரிசைப்படுத்தப்படுகிறது’, ‘வந்துகொண்டிருக்கிறது’. யார் பெற்றார், யார் தூக்கினார், எந்த லோரியில் ஏற்றினார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது அந்த மொழி நமக்கு உறுத்தாது. பொட்டலம் காணாமல் போன பிறகுதான் அந்த வாக்கியங்களில் ஆளே இல்லை என்பது தெரியவருகிறது.

2023 செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்கு வந்தேன். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். டிப்ளோமா காலத்திலிருந்து என்னோடு இருந்த மடிக்கணினி மூன்றாவது வாரத்தில் திரை கறுத்து நின்றுவிட்டது. அக்டோபர் 4-ஆம் தேதி இணையக் கடையொன்றில் 649 பவுண்டுக்குப் புதியது ஒன்றை வாங்கினேன். மலேசிய வங்கியின் டெபிட் அட்டையில் பணம் கட்டினேன். நம் காசுக்கு மூவாயிரத்து எழுநூறு வெள்ளிக்கு மேல். அப்பாவும் அம்மாவும் சேர்த்து வைத்திருந்த பணம் அது. மூன்று முதல் ஐந்து வேலை நாள்களில் வந்துவிடும் என்று கடை சொன்னது.

வந்தது நான்கு வரிகள்தான். ‘உங்கள் பொட்டலத்தின் விவரம் எங்களுக்குக் கிடைத்துள்ளது’ என்று அக்டோபர் 5 காலையில் முதல் வரி. அன்று மாலை ‘அனுப்புநரிடமிருந்து பெறப்பட்டது’. அக்டோபர் 6 அதிகாலை ‘வரிசைப்படுத்தும் மையத்தை அடைந்தது’. அதே நாளில் ‘வந்துகொண்டிருக்கிறது’. அதோடு சரி. ஐந்து நாள் கழித்தும் அது வந்துகொண்டேதான் இருந்தது.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கிள்ளானில் பொட்டலம் விநியோகிக்கும் வேன் ஓட்டுகிறார். அந்த நான்கு வரிகளைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அங்கே இரவு பதினொன்று. கொஞ்ச நேரத்தில் அழைத்தார்.

“மொத வரிய விட்டுரும்மா. அது ஸ்டிக்கர் அடிச்சதுக்கு வர்ற மெசேஜ். பெட்டி கடையிலேயே இருக்கும்போதும் அது வரும். ரெண்டாவது, மூனாவது நெஜம். ரெண்டுலயும் கருவி வெச்சி ஸ்கேன் பண்ணிருக்காங்க. நாலாவது நெஜம் மாதிரி தெரியல.”

“எப்படிப்பா?”

“எடம் போடல பாரு. மூனாவதுல மையத்தோட பேரு போட்டுருக்கான். நாலாவதுல ஒன்னுமில்ல. அது சிஸ்டம் தானா போட்டதா இருக்கும். எங்க டிப்போலயும் அப்படித்தான். உங்க ஊரு டிப்போல எறங்குன ஸ்கேன் இருக்கா?”

இல்லை. அப்படியென்றால் பெட்டி மத்திய இங்கிலாந்தின் அந்தப் பெரிய மையத்துக்குள் போயிருக்கிறது, ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்ததற்குத் தடயம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன நடக்கலாம் என்று அப்பா விரல் விட்டு எண்ணினார். ஓடும் பட்டையில் உரசி ஸ்டிக்கர் கிழிந்திருக்கலாம். கிழிந்தால் அது யாருடையது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது, பெயரில்லாத பெட்டிகளோடு ஒரு மூலையில் கிடக்கும். வேறு ஊர் லோரியில் ஏறியிருக்கலாம். அப்படியானால் அந்த ஊர் டிப்போவில் என்றாவது ஒரு ஸ்கேன் விழும். நசுங்கி உடைந்திருக்கலாம். யாராவது எடுத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை மெதுவாகத்தான் சொன்னார்.

“ஆனா ஒன்னு. ஒங்க வீட்டுக்குக் கொண்டு வர்ற பையன் அத பாத்ததே இல்ல. அவன் கைக்கே வரல. அத ஞாபகம் வெச்சிக்க.”

அவர் ஏன் அதை அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்டோபர் 11 அன்று பொட்டல நிறுவனத்தை அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் நான் இல்லை, அனுப்பிய கடை. கடை கேட்டால்தான் விசாரிப்பார்களாம். கடைக்கு எழுதினேன். பொட்டல நிறுவனத்தோடு பேசுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் உங்களிடம் பேசச் சொல்கிறார்கள் என்று மறுபடி எழுதியதும், 13-ஆம் தேதி விசாரணை தொடங்கப்பட்டதாகவும் பத்து வேலை நாள் காத்திருக்கும்படியும் சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரம் நூலகத்தில் ஓடியது. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மடிக்கணினிகள் அடுக்கிய அலமாரி ஒன்று உண்டு. மாணவர் அட்டையைக் காட்டினால் ஒரு கதவு திறக்கும், சில மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். திருப்பி வைத்தவுடன் நாம் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். புள்ளியியல் பயிற்சிக்கான மென்பொருளை ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவி, பாதி வேலையில் நேரம் முடிந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்குவேன். நவம்பர் நடுவில் முதல் ஒப்படைப்பு.

அக்டோபர் 27 அன்று பதில் வந்தது. பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு நான் போலீசில் புகார் கொடுத்து அதன் எண்ணை அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் இருந்த வாக்கியத்தின் பொருள் இது: மேற்கண்ட பொருள் விநியோகத்தின்போது திருடப்பட்டது என்று உறுதியளிக்கிறேன். அதற்குக் கீழே ‘சந்தேகப்படும் நபர் குறித்த விவரம்’ என்று ஒரு கட்டம்.

அன்றிரவு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, சில வருடங்களுக்கு முன் தன்னுடைய டிப்போவில் நடந்ததைச் சொன்னார். கைப்பேசி ஒன்று காணாமல் போனது. வாடிக்கையாளர் புகாரில் ‘டிரைவர் எடுத்துவிட்டார்’ என்று எழுதியிருந்தார். விசாரித்தபோது எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தப் பாதையில் ஓடிய பையன் சம்பளத்திலிருந்து ஆறு மாதம் பிடித்தார்கள். ஏழாவது மாதம் அவன் வேலைக்கு வரவில்லை.

“நீ பணத்த கேளு. அது ஒன் உரிம. ஆனா திருடுனாங்கன்னு எழுதாத. ஒனக்குத் தெரியாதுல்ல?”

எனக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி கிடைக்கவில்லை என்பது மட்டுமே. அந்தப் படிவமோ ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லைக் கொண்டுபோனால் பணம் தராது போலிருந்தது. ‘திருடப்பட்டது’ என்று சொன்னால்தான் கதவு திறக்கும். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டும், அல்லது மூவாயிரத்து எழுநூறு வெள்ளியை விட வேண்டும். அந்த வார இறுதி முழுக்க இப்படித்தான் எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை, 29-ஆம் தேதி, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். எனக்கும் வீட்டுக்கும் இடையே ஏழு மணி நேரமாக இருந்தது எட்டானது. மறுநாள் காலை மாணவர் சங்கத்தின் ஆலோசனை அறைக்குப் போனேன். நரைத்த முடியோடு ஓர் அம்மையார் இருந்தார். நான் கொண்டுபோன தாள்களைப் படிப்பதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி, பொட்டல நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? கடைதான். பணம் கட்டும் பக்கத்தில் எனக்கு வேறு தேர்வே இருக்கவில்லை.

இரண்டாவது, உங்களுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளச் சொல்லி யார் பெயரையாவது கொடுத்தீர்களா? பக்கத்து வீட்டுக்காரர், விடுதி வரவேற்பாளர், ‘கதவுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்’ என்ற குறிப்பு, ஏதாவது? இல்லை. பெயரும் அறை எண்ணும் மட்டுமே.

“அப்படியென்றால் தொலைந்தது உங்கள் கணினி இல்லை. அவர்களுடைய கணினியைத்தான் அவர்கள் தொலைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் எதையும் அவர்கள் தரவில்லை,” என்றார்.

நான் அதை எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று வாரமாக ‘என் மடிக்கணினி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு எழுதிய கடிதங்களிலும் அப்படித்தான். நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

அவர் காட்டியது இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு பயனீட்டாளர் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. சின்னப் பிரிவு அது. கடை ஒன்று பயனீட்டாளருக்குப் பொருள் விற்றால், அந்தப் பொருள் பயனீட்டாளரின் கையில் வந்து சேரும்வரை, அல்லது அவர் குறிப்பிட்ட ஒருவரின் கைக்கு வந்து சேரும்வரை, அதற்கு நேரும் எந்தச் சேதமும் இழப்பும் கடையின் பொறுப்பு. வழியில் கிழிந்ததா, நசுங்கியதா, திருடு போனதா என்ற கேள்வியே அங்கு இல்லை. ஒரே கேள்விதான், கைக்கு வந்ததா? இதற்கு மாறாகக் கடை தன் நிபந்தனைகளில் எழுதி வைத்தாலும் அது செல்லாது.

இந்தச் சின்னப் பிரிவுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. வணிகச் சட்டத்தின் பழைய விதி நேர்மாறானது. 1893-இல் பிரிட்டன் இயற்றிய சரக்கு விற்பனைச் சட்டத்தில், விற்றவர் சரக்கைச் சுமந்துசெல்பவரிடம் ஒப்படைத்துவிட்டால் வாங்கியவரிடமே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அடிப்படை. வாங்குபவரும் வியாபாரி, அவருக்கும் கப்பல், காப்புறுதி எல்லாம் தெரியும் என்ற உலகத்துக்கான விதி அது. நம் நாட்டின் 1957 சரக்கு விற்பனைச் சட்டத்திலும் அதே விதி இருக்கிறது. படுக்கையில் படுத்தபடி கைப்பேசியில் பொருள் வாங்குபவருக்கும் அதையே பொருத்தினால், அவர் பார்த்தேயிராத லோரிக்கு அவர் பொறுப்பாளியாகிவிடுவார். 29-ஆவது பிரிவு பயனீட்டாளருக்கு அந்தப் பாரத்தை எடுத்துக் கடையின் தோளில் வைக்கிறது. பொட்டல நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதோடு ஒப்பந்தம் போடுவதும், காப்புறுதி எடுப்பதும் கடைதானே.

போலீஸ் புகாரைப் பற்றிக் கேட்டேன். குற்றம் நடந்ததாக நினைத்தால் புகார் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்றார் அம்மையார். பணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் புகார் எண் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா? பொருள் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம், அது உண்மை, கேட்பதும் நியாயம். திருடப்பட்டது என்று எழுத வேண்டியதில்லை.

எனக்கு அந்த அறையிலேயே அழுகை வந்துவிட்டது. பணம் வந்துவிடும் என்பதால் மட்டும் இல்லை. யாரையும் திருடன் என்று சொல்லாமலே பணத்தைக் கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. வேன் ஓட்டும் அப்பா மூன்று நாள் முன்பு சொன்னதும் அதுதான்.

அன்று மாலை நூலகக் கணினியில் கடிதம் எழுதினேன். அம்மையார் சொன்னபடி சுருக்கமாக, கோபமில்லாமல், தேதிகளோடு. இதே சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி, வேறு ஏதும் பேசிக்கொள்ளாவிட்டால் பொருளை முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். அக்டோபர் 4-இல் வாங்கியது நவம்பர் 3-ஆம் தேதியோடு அந்தக் கெடுவைத் தொடும். கெடு தாண்டினால் வாங்கியவர் இன்னும் ஒரு நியாயமான அவகாசம் கொடுக்கலாம். அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததாகச் சொல்லிக் கட்டிய பணம் முழுவதையும் கேட்கலாம்.

கடிதத்தில் நான் சொன்னவை இவைதான். அக்டோபர் 4-இல் இன்ன எண்ணில் வாங்கினேன். இன்றுவரை என் கைக்கோ நான் குறிப்பிட்ட யாருடைய கைக்கோ பொருள் வரவில்லை. வாங்கிக்கொள்ள நான் யாரையும் குறிப்பிடவில்லை. பொட்டல நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். 29-ஆவது பிரிவுப்படி பொறுப்பு இன்னும் உங்களிடம் இருக்கிறது. நவம்பர் 10-க்குள் அதே மாதிரியில் வேறொன்றை அனுப்புங்கள், இல்லையென்றால் பொருளின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கூடவே நான் கையால் எழுதிய ‘கிடைக்கவில்லை’ என்ற உறுதிமொழியை இணைத்தேன். கடைசியில் அம்மையார் சொல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: பொருள் எப்படிக் காணாமல் போனது என்று எனக்குத் தெரியாது, எந்தத் தொழிலாளி மீதும் நான் குற்றம் சாட்டவில்லை.

பதில் வராவிட்டால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வங்கியிடம் சொல்லி அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்பது. பொருள் வரவில்லை என்று காட்டினால், அட்டை நிறுவனத்தின் விதிகளின்படி வங்கி கடையின் வங்கியிடமிருந்து பணத்தைக் கோரும். இதற்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 120 நாள். விசாரணை, விசாரணை என்று காத்திருப்பவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கெடுவைத்தான். இன்னொன்று, சிறு தொகை வழக்கு. இங்கிலாந்தில் அதை இணையத்திலேயே வழக்கறிஞர் இல்லாமல் பதியலாம்.

இரண்டும் தேவைப்படவில்லை. நவம்பர் 8 அன்று கடையிலிருந்து மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. புகார் எண்ணைப் பற்றியோ படிவத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. முழுத் தொகையும் திருப்பி அனுப்பப்படுகிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம். 14-ஆம் தேதி பணம் கணக்கில் விழுந்தது. பவுண்டில் ஒரு காசு குறையவில்லை. வெள்ளியில் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருந்தது. வாங்கிய நாளுக்கு ஒரு மாற்று விகிதம், திரும்பிய நாளுக்கு ஒரு விகிதம், இடையில் வங்கியின் கட்டணம். வெளிநாட்டு அட்டையில் வாங்குகிறவர்கள் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே சட்டம் காப்பாற்றாத இடங்களும் உண்டு. அம்மையாரின் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் வேறாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். என் விடுதித் தோழி தன் பொட்டலங்களுக்கெல்லாம் கீழ்மாடிப் பையனின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தாள். அவன் கைக்குப் போனால் அவள் கைக்கே போன மாதிரி. பிறகு அவன் தொலைத்தால் கடையைக் கேட்க முடியாது. அதேபோல, கடை தராத ஒரு பொட்டல நிறுவனத்தை நாமே ஏற்பாடு செய்தால், அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்த நொடியே பொறுப்பு நம் தலையில். சீனாவில் பொருள் வாங்கி, அங்கே ஒரு முகவரின் கிடங்குக்கு அனுப்பச் சொல்லி, அங்கிருந்து கிள்ளானுக்கு வரவழைக்கும் நம்மூர்ப் பழக்கத்தை நினைத்துக்கொண்டேன். அது வேறு நாட்டுச் சட்டம் என்றாலும், அங்கேயும் கிடங்குக்கு வந்ததோடு கடை கைகழுவிவிடும்.

திரும்பிய பணத்தில் நகரத்துக் கடையொன்றுக்கு நேரில் போய் ஒரு மடிக்கணினி வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒப்படைப்பை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன். துறையில் முன்னரே சொல்லியிருந்ததால் மதிப்பெண் குறைக்கவில்லை.

பணம் வந்ததைச் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது, “யார் சம்பளத்துலயாச்சும் புடிச்சாங்களா?” என்றுதான். எனக்குத் தெரியவில்லை என்றேன். கடைக்கும் பொட்டல நிறுவனத்துக்கும் இடையில் என்ன கணக்கு முடிந்தது, அது அந்த மையத்தின் இரவு வேலைக்காரர்கள்வரை இறங்கியதா என்பதெல்லாம் என் கடிதத்துக்கு எட்டாதவை. சட்டம் பாரத்தை என் தோளிலிருந்து கடையின் தோளுக்கு மாற்றியது. அதற்கப்புறம் கடை அதை யார் தோளில் வைத்தது என்பதை 29-ஆவது பிரிவு கேட்பதில்லை.

“நீ எழுதலல்ல? அது போதும்,” என்றார் அப்பா. அவருக்கும் அது போதவில்லை என்பது குரலில் தெரிந்தது.

டிசம்பரில் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. முறுக்கு, அம்மா அரைத்த மிளகாய்த் தூள், ஒரு கம்பளிச் சட்டை. திறந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள். அப்பாவின் கையெழுத்தில், பெரிய எழுத்தில், என் பெயர், முகவரி, தொலைபேசி எண், அதற்குக் கீழே கிள்ளான் முகவரி. வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தாலும், எங்கேயோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அது யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.